மூன்று மாதச் சம்பள நிலுவை: மாவட்ட மன்றத் தலைவருக்குத் தொழிலாளர்கள் கடிதம்

அனுப்புநர்:
வடிகால், சாலையோரப் பராமரிப்புத் திட்டத் தொழிலாளர்கள் 23 பேர்,
பழைய தோட்டக் குடியிருப்பு.

பெறுநர்:
தலைவர் அவர்கள்,
மாவட்ட மன்றம்.

பிரதி: மன்றப் பொறியியல் பிரிவு, மாவட்டத் தொழிலாளர் இலாகா, தொகுதிச் சட்டமன்ற உறுப்பினர்.

9 அக்டோபர் 2025

மதிப்பிற்குரிய ஐயா,

பொருள்: ஜூலை, ஆகஸ்டு, செப்டம்பர் மாதச் சம்பள நிலுவையைத் தீபாவளிக்கு முன் பெற்றுத் தரக் கோருதல்

வணக்கம். மாநில அரசின் ஒதுக்கீட்டில் தங்கள் மன்றம் நடத்திவரும் வடிகால், சாலையோரப் பராமரிப்புத் திட்டத்தில், மன்றம் நியமித்த குத்தகையாளரின் கீழ் நாங்கள் 23 பேர் வேலை செய்கிறோம். எங்களில் 14 பேர் பெண்கள். தோட்டம் கைமாறி, வெளிநாட்டு ஆட்களை வைத்துச் செம்பனை வெட்டத் தொடங்கிய பிறகு ஊரைவிட்டுப் போகாமல் இங்கேயே தங்கிவிட்ட குடும்பங்கள் எங்களுடையவை. உள்ளூர்க்காரர்களுக்கே முதலிடம் என்று சொல்லி இந்த வேலை கொடுக்கப்பட்டபோது நன்றியோடு ஏற்றுக்கொண்டோம். அந்த நன்றி இன்றும் இருக்கிறது. ஆனால் மூன்று மாதமாகச் சம்பளம் முறையாக வராத நிலையில், இனியும் வாய்மொழியாகக் கேட்டுக்கொண்டிருப்பதில் பயனில்லை என்பதால் இக்கடிதத்தை எழுதுகிறோம்.

எங்கள் மாதச் சம்பளம் 1,700 ரிங்கிட். இது நாட்டின் குறைந்தபட்சச் சம்பளம். இதற்குக் கீழே எங்களுக்குக் கொடுக்க முடியாது. ஜூலை மாதத்துக்கு ஆளுக்கு 700 ரிங்கிட் மட்டும், சம்பளச் சீட்டு இல்லாமல், முன்பணம் என்று ரொக்கமாகக் கையில் கொடுக்கப்பட்டது. மீதி 1,000 ரிங்கிட் வரவில்லை. ஆகஸ்டு, செப்டம்பர் சம்பளம் ஒரு காசும் வரவில்லை. ஆகவே சட்டப்படியான பிடித்தங்களுக்கு முன் ஆளுக்கு 4,400 ரிங்கிட், 23 பேருக்கும் சேர்த்து 1,01,200 ரிங்கிட் நிலுவையாக நிற்கிறது. இத்துடன் இன்னொன்றையும் தங்கள் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டியுள்ளது. ஜூன் மாதச் சம்பளச் சீட்டில் ஊழியர் சேமநிதிக்கென்று ஆளுக்கு 187 ரிங்கிட் பிடிக்கப்பட்டிருக்கிறது. கைப்பேசியில் சேமநிதிக் கணக்கைத் திறந்து பார்த்தால் அந்த மாதச் சந்தா வரவு வைக்கப்படவே இல்லை. எங்களிடம் பிடித்த பணம் எங்கே போனது என்பதற்கு விளக்கம் வேண்டும். சொக்சோ சந்தாவும் இதே நிலையில் இருந்தால், கால்வாய்க்குள் இறங்கி வேலை செய்யும் எங்களில் ஒருவருக்கு விபத்து நேரும்போது அவர் குடும்பம் படப்போகும் பாட்டை நினைக்கவே பயமாக இருக்கிறது.

குத்தகையாளரைக் கேட்டால், மன்றம் இன்னும் பில்லுக்குப் பணம் விடவில்லை என்கிறார். மன்றத்தின் முகப்பில் கேட்டால், குத்தகையாளர் தாக்கல் செய்த பில்லில் வருகைப் பதிவும் வேலைப் படங்களும் முழுமையாக இல்லை, அதனால் திருப்பி அனுப்பப்பட்டது என்கிறார்கள். இரண்டில் எது சரி என்று தீர்ப்புச் சொல்ல எங்களால் முடியாது. ஆனால் வேலை நடந்ததா என்பதில் யாருக்கும் சந்தேகம் இருக்க வேண்டியதில்லை. ஒவ்வொரு கால்வாயையும் தொடங்கும் முன் ஒரு படம், பாதியில் ஒரு படம், முடித்த பின் ஒரு படம் என்று எடுக்கச் சொல்லியிருந்தார்கள். தேதியும் இடமும் எழுதிய சிறிய வெள்ளைப் பலகையைச் சேற்றுக் கையோடு பிடித்துக்கொண்டு படத்தில் நிற்பவர்கள் நாங்கள்தான். அந்தப் படங்கள் எங்கள் மண்டோரின் கைப்பேசியில் அப்படியே இருக்கின்றன. காலை ஏழு மணிப் பெரட்டில் பெயர் கூப்பிட்டு, பள்ளி நோட்டுப் புத்தகத்தில் அவர் குறித்துவைத்த வருகைப் பதிவும் இருக்கிறது. அதில் ஒவ்வொரு வாரக் கடைசியிலும் நாங்கள் கையெழுத்திட்டிருக்கிறோம், கையெழுத்துத் தெரியாத மூத்தவர்கள் கைநாட்டு வைத்திருக்கிறார்கள். இரண்டின் நகலையும் இணைத்துள்ளோம். பில்லில் குறை இருந்தால் இவற்றை வைத்து அதை நிரப்பிக்கொள்ளலாம். சந்தைக்குப் பின்னால் உள்ள பெரிய கால்வாயைப் பொறியியல் பிரிவு அதிகாரிகள் நேரில் வந்து பார்த்தாலும் போதும். முன்பெல்லாம் மாலை மழைக்கு அங்கே கடைகளுக்குள் தண்ணீர் ஏறும். இந்த ஆண்டு மழை தொடங்கிவிட்டது, இன்னும் ஏறவில்லை.

1955-ஆம் ஆண்டு வேலைவாய்ப்புச் சட்டத்தின் 19-ஆவது பிரிவு, சம்பளக் காலம் முடிந்த ஏழாம் நாளுக்குள் சம்பளம் கொடுத்தாக வேண்டும் என்கிறது. பில் பாஸாகும்வரை தொழிலாளி காத்திருக்க வேண்டும் என்று அதில் இல்லை. அதே சட்டத்தின் 33-ஆவது பிரிவு, குத்தகையாளர் சம்பளம் கொடுக்கத் தவறினால் வேலையைக் குத்தகைக்கு விட்டவருக்கும், தொடர்ந்து மூன்று மாதச் சம்பளம் வரை, பொறுப்பு உண்டு என்கிறது. அதைக் கோரச் சம்பளம் கொடுக்கவேண்டிய நாளிலிருந்து 90 நாள் கெடுவும் வைத்திருக்கிறது. இப்பிரிவு மன்றத்துக்கு எந்த அளவுக்குப் பொருந்தும் என்பதைத் தொழிலாளர் இலாகாதான் சொல்ல வேண்டும். ஆனால் ஜூலை சம்பளத்துக்கான அந்தக் கெடு நவம்பர் 5-ஆம் தேதியோடு முடிந்துவிடும் என்பதால், பொறுத்திருங்கள் என்ற பதிலை இனி எங்களால் ஏற்க இயலாது.

தீபாவளி இம்மாதம் 20-ஆம் தேதி வருகிறது. புதுத்துணிக்காக நாங்கள் இதை எழுதவில்லை. சில்லறைக் கடையில் மூன்று மாதக் கடன் ஏறி, கடைக்காரரே இனி அரிசி மட்டும்தான் கடனுக்குத் தர முடியும் என்று சொல்லிவிட்டார்; அவரைக் குறை சொல்வதற்கில்லை. பள்ளி வேன் கட்டணம் கட்ட முடியாமல் இரண்டு வீட்டுப் பிள்ளைகள் வெயிலில் நடந்து போகிறார்கள். எங்களில் ஒருவர் நீரிழிவு மருத்துவத்துக்குப் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போகும் டாக்சிக் காசு இல்லாமல் இம்மாத நாளைத் தவறவிட்டார். புல்வெட்டும் இயந்திரத்துக்கு எண்ணெய் வாங்கக்கூடச் சில நாள்களில் எங்கள் கைக்காசையே போட்டிருக்கிறோம், ஏனென்றால் வேலை நின்றால் பழி எங்கள்மேல் விழும்.

ஆகவே தாங்கள் குத்தகையாளரையும் பொறியியல் பிரிவையும் எங்கள் பிரதிநிதிகள் மூவரையும் ஒரே மேசையில் உட்காரவைத்து, அக்டோபர் 17-ஆம் தேதி வெள்ளிக்கிழமைக்குள் நிலுவை முழுவதும் எங்கள் வங்கிக் கணக்குகளில் சேர ஏற்பாடு செய்ய வேண்டுகிறோம். குத்தகையாளரால் அது முடியாது என்றால், ஒப்பந்தம் இடம் கொடுக்கும் வரையில், அவருக்குச் சேரவேண்டிய தொகையிலிருந்தோ மன்றத்தின் கைவசமுள்ள அவரது உத்தரவாதத் தொகையிலிருந்தோ பிடித்து எங்களுக்கு நேரடியாகக் கொடுக்கும்படி கேட்டுக்கொள்கிறோம். சேமநிதி, சொக்சோ சந்தாக்கள் கட்டப்பட்டதற்கான ரசீதுகளைக் குத்தகையாளர் மன்றத்தில் காட்டிய பிறகே அவருடைய அடுத்த பில் பாஸாக வேண்டும் என்பதும் எங்கள் கோரிக்கை. இக்கடிதத்தில் கையெழுத்திட்டதற்காக யாரையும் வேலையிலிருந்து நிறுத்தக்கூடாது என்று மன்றம் குத்தகையாளருக்கு எழுத்தில் அறிவுறுத்த வேண்டும். அந்தப் பயத்தால் முதலில் கையெழுத்திடத் தயங்கியவர்கள் எங்களில் இருந்தார்கள்.

17-ஆம் தேதிக்குள் பணமோ எழுத்துப்பூர்வமான பதிலோ வராவிட்டால், தீபாவளி விடுமுறை முடிந்து அலுவலகம் திறக்கும் முதல் நாளிலேயே தொழிலாளர் இலாகாவில் முறைப்படி புகார் பதிவு செய்வோம் என்பதை மரியாதையுடன் தெரிவித்துக்கொள்கிறோம். அதுவரை வேலை வழக்கம்போல் நடக்கும்.

கையெழுத்திடும் ஒவ்வொருவரும் வாசித்தோ வாசிக்கக் கேட்டோ ஒப்புக்கொள்ளும் பொருட்டு இக்கடிதத்தைத் தமிழில் எழுதினோம். அலுவலகப் பயன்பாட்டுக்கு மலாய் மொழிபெயர்ப்பு இணைக்கப்பட்டுள்ளது. எங்கள் பிரதிநிதிகளை வேலை நாள்களில் பிற்பகல் மூன்று மணிக்கு மேல் குடியிருப்பின் பொதுமண்டபத்தில் சந்திக்கலாம். மன்றத்துக்கு வரச் சொன்னாலும் வருவார்கள்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
திட்டத் தொழிலாளர்கள் 23 பேர்
(பெயர், அடையாள அட்டை எண், கையெழுத்து அல்லது கைநாட்டு இணைப்பு 1-இல்)

இணைப்புகள்: 1. தொழிலாளர் பட்டியல். 2. ஜூலை முதல் செப்டம்பர் வரையிலான வருகைப் பதிவு நகல். 3. வேலைப் படங்கள். 4. ஜூன் சம்பளச் சீட்டுகளும் சேமநிதிக் கணக்கு விவரமும். 5. மலாய் மொழிபெயர்ப்பு.