ஒரே மாத்திரை, ஒரே அளவு, வேறு வேறு உடம்பு

1970களில் லண்டனில் ராபர்ட் ஸ்மித் என்ற மருந்தியல் ஆய்வாளர், ரத்த அழுத்தத்தைக் குறைக்கும் டெப்ரிசோகுயின் என்ற மருந்தைச் சக ஆய்வாளர்களோடு சேர்ந்து தானும் விழுங்கினார். மற்றவர்களுக்குப் பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. அவருக்கு மட்டும் ரத்த அழுத்தம் சரிந்து, எழுந்து நிற்கவே முடியாமல் போனது. அளவு எல்லோருக்கும் ஒன்றுதான். அவருடைய கல்லீரலில் அந்த மருந்தைச் சிதைக்கும் நொதி வேலை செய்யவில்லை என்பது பிறகு தெரிந்தது. அந்த நொதியைத்தான் இன்று சிஒய்பி2டி6 என்கிறோம்.

இந்த நொதிக்கான மரபணுவில் நூற்றுக்கும் மேற்பட்ட மாறுபாடுகள் உண்டு. சிலருக்கு அதன் இரு பிரதிகளுமே பழுதாக இருக்கும். சிலருக்கு ஒன்று மட்டும். வேறு சிலருக்கோ நல்ல பிரதியே இரண்டுக்கு மேல் இருக்கும். மெதுவாகச் சிதைப்பவர், இடைநிலையில் இருப்பவர், இயல்பானவர், அதிவேகமாகச் சிதைப்பவர் என்று மருத்துவர்கள் பிரிப்பது இதை வைத்துத்தான்.

மெதுவாகச் சிதைப்பவருக்கு மருந்தைக் குறைத்தால் சரியாகிவிடும் என்று பலர் நினைக்கிறார்கள். எல்லா மருந்துகளுக்கும் இந்தக் கணக்கு பொருந்தாது. கோடீனை எடுத்துக்கொள்வோம். அதற்கென்று வலி தீர்க்கும் சக்தி மிகக் குறைவு. உடம்பில் சிஒய்பி2டி6 அதன் ஒரு சிறு பகுதியை மார்ஃபினாக மாற்றினால்தான் வலி அடங்கும். நொதி பழுதானவர் எத்தனை மாத்திரை போட்டாலும் வலி குறையாது. அவர் மிகைப்படுத்துகிறார் என்றுகூட மற்றவர்கள் நினைக்கலாம். அது அவருக்கு இழைக்கும் அநியாயம். அதிவேகமாகச் சிதைப்பவருக்கோ வழக்கமான அளவிலேயே மார்ஃபின் மளமளவென்று சேர்ந்து மூச்சு மந்தமாகிவிடலாம். தொண்டைச் சதை அறுவை சிகிச்சைக்குப் பிறகு கோடீன் கொடுக்கப்பட்ட சில குழந்தைகள் இப்படி இறந்திருக்கிறார்கள். அதனால் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2013இல் கடும் எச்சரிக்கை விடுத்தது. 2017இல் 12 வயதுக்கு உட்பட்டவர்களுக்குக் கோடீனே கூடாது என்றது.

இதய ரத்தக்குழாயில் ஸ்டென்ட் வைத்தவர்களுக்குத் தரும் குளோபிடோக்ரெலும் இதே ரகம்தான். சிஒய்பி2சி19 என்ற நொதி அதைச் செயல்படும் வடிவத்துக்கு மாற்ற வேண்டும். மாற்றாவிட்டால் நோயாளி தவறாமல் மாத்திரை போட்டுக்கொண்டே இருப்பார், ஸ்டென்டுக்குள் ரத்தம் உறையும் ஆபத்தும் அப்படியே இருக்கும். வெளியே எந்த அறிகுறியும் தெரியாது. என்னை மிகவும் உறுத்துவது இதுதான். இவர்களுக்கு அளவைக் கூட்டுவதைவிட, பொருந்துமானால் பிராசுக்ரெல், டிகாக்ரெலார் போன்ற வேறு மருந்துக்கு மாறுவதே நல்லது. இந்த நொதியின் செயலிழந்த வடிவங்கள் ஆசிய மக்களிடம் கூடுதலாகக் காணப்படுகின்றன. எனவே ஐரோப்பியர்களிடம் சோதித்து வகுத்த அளவை அப்படியே உலகம் முழுக்க நீட்டுவது சரியல்ல.

குறைத்தே ஆக வேண்டிய மருந்துகளும் உண்டு. ரத்தப் புற்றுநோய்க்குத் தரும் மெர்காப்டோபியூரின் அதில் ஒன்று. டிபிஎம்டி நொதி முற்றிலும் இல்லாதவருக்கு வழக்கமான அளவைக் கொடுத்தால் எலும்பு மஜ்ஜையே முடங்கிப்போகும். அவருக்கு அளவைப் பத்தில் ஒரு பங்காக்கி, தினமும் தராமல் வாரத்தில் மூன்று நாள் தருவது வழக்கம். மேலோட்டமாகப் பார்த்தால் ஒன்றுமில்லாத அளவு. அவர் உடம்புக்கு அதுவே போதும். ஆசியர்களிடம் என்யுடிடி15 என்ற இன்னொரு மரபணுவையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். டிபிஎம்டி நன்றாக இருந்தும் ரத்த அணுக்கள் சரிவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

காசநோய்க்கான ஐசோனியாசிடை என்ஏடி2 நொதி மெதுவாகச் சிதைப்பவர்களுக்குக் கை கால் மரத்துப்போகும் வாய்ப்பு அதிகம். பி6 வைட்டமின் சேர்த்துக் கொடுத்தால் பெரும்பாலும் தவிர்த்துவிடலாம். ரத்தம் உறையாமல் தடுக்கும் வார்ஃபரினில், அதைச் சிதைக்கும் சிஒய்பி2சி9 நொதியில் மாறுபாடு உள்ளவருக்குக் குறைந்த அளவே போதும், கூடினால் ரத்தக்கசிவு.

அப்புறம், மரபணு அறிக்கையை மட்டும் நம்பி அளவு முடிவு செய்வதும் தவறு. மனச்சோர்வுக்குத் தரும் பராக்ஸெடின், சிஒய்பி2டி6 நொதியைப் பலமாகத் தடுக்கும். அறிக்கையில் 'இயல்பு' என்று இருப்பவரும் அதைச் சாப்பிடும் காலத்தில் மெதுவாகச் சிதைப்பவரைப் போலத்தான் இருப்பார். அவருக்கு அப்போது கோடீன் கொடுத்தால் வலி சரியாக அடங்காது. கல்லீரல் மாற்று அறுவை செய்தவரிடம் நிலைமை இன்னும் சிக்கல்: எச்சிலில் எடுத்த பரிசோதனை அவருடைய மரபணுவைச் சொல்லும், மருந்தைச் சிதைப்பதோ பெரும்பாலும் கொடையாளரின் கல்லீரல். அறிக்கையோடு நோயாளி சாப்பிடும் மற்ற மாத்திரைகளின் பட்டியலையும் சிகிச்சை வரலாற்றையும் கேட்டு வாங்கிப் பார்த்த பிறகே அளவை எழுத வேண்டும்.