மசாலைத்தூள் உற்பத்தி விரிவாக்கம்: சாத்தியக்கூறு ஆய்வறிக்கை
பங்குதாரர்கள் கூட்டத்தின் முடிவுக்காக, கணக்குப் பிரிவு தயாரித்தது

1. கேள்வி

ஜோர்ஜ்டவுன் லெபோ பாசாரில் உள்ள நம் கடையின் பின்கட்டில் இப்போது மாதம் 3.2 டன் மசாலைத்தூள் அரைத்து விற்கிறோம். சுங்கைப்பட்டாணி, தைப்பிங் மளிகைக் கடைகள் இன்னும் 0.8 டன் கேட்கின்றன. பேரங்காடி ஒன்று மாதம் 2 டன் வரை எடுக்கலாம் என்று வாய்மொழியாகச் சொல்லியிருக்கிறது. அது எழுத்தில் இன்னும் வரவில்லை. எல்லாம் கூடிவந்தால் தேவை 6 டன். அதை எங்கே, எப்படி அரைப்பது என்பதே கேள்வி.

மூத்த பங்குதாரரின் விருப்பம் சொந்த ஆலை. அதை மறுப்பதற்காக இந்த அறிக்கை எழுதப்படவில்லை. ஆனால் எந்த வழியையும் "லாபம் வருமா" என்று மட்டும் பார்க்காமல், "இன்று வருவதைவிடக் கூடுதலாக எவ்வளவு வரும்" என்று பார்த்திருக்கிறோம். முந்தைய பேச்சுகளில் இந்த ஒப்பீடு விடுபட்டிருந்தது.

2. அடிப்படைக் கணக்கு

மொத்த விலை கிலோவுக்கு 19 ரிங்கிட். மூலப்பொருளும் பையும் 13.50. மீதம் 5.50. இன்றைய அரவைச் செலவு (ஆள், மின்சாரம், பழுது) மாதம் 6,500 ரிங்கிட். ஆக 3.2 டன்னில் நமக்கு நிற்பது 11,100 ரிங்கிட். கீழே வரும் ஒவ்வொரு எண்ணையும் இதனோடு ஒட்டிப் பார்க்கவும்.

3. மூன்று வழிகள்

*முதல் வழி: இருக்கும் இடத்தையே மேம்படுத்துவது.* தூசி உறிஞ்சி, பெரிய அரவை இயந்திரம், மும்முனை மின்னிணைப்பு, தரை வேலை ஆகியவற்றுக்கு 68,000 ரிங்கிட். உச்ச அளவு 4.2 டன்தான். அளவு கூடும்போது ஏறும் அரவைச் செலவைக் கழித்தே கீழே அட்டவணையில் கணக்கிட்டிருக்கிறோம். கடை, யுனெஸ்கோ 2008இல் அறிவித்த பாரம்பரிய மையப் பகுதிக்குள் இருப்பதால், சுவரை உடைக்கவோ புகைப்போக்கி வைக்கவோ பினாங்குத் தீவு மாநகர் மன்றத்தின் ஒப்புதல் வேண்டும். மிளகாய் அரைக்கும் நாளில் பக்கத்துக் கடைக்காரர் தும்முவதும் நமக்குத் தெரியும். புகார் இன்னும் எழுத்தில் வராதது அவருடைய நல்ல மனம்.

*இரண்டாம் வழி: புக்கிட் மிஞ்ஞாக்கில் 2,400 சதுர அடி தொழிற்கூடத்தை வாடகைக்கு எடுப்பது.* மாதம் 10 டன் வரை அரைக்கலாம். முதலீடு: இயந்திரங்கள் 165,000, தரை, மின்சாரம், தடுப்புகள் 62,000, முன்பணம் 11,400, சான்றிதழ், ஆய்வகச் சோதனை, லேபிள் 9,000, கூடுதல் சரக்குக்கும் கடன் விற்பனைக்கும் 55,000. மொத்தம் 302,400 ரிங்கிட்.

மாதச் செலவு: வாடகை 3,800, நான்கு தொழிலாளர்கள் 8,750, மேற்பார்வையாளர் 3,450, மின்சாரம் 1,500, பழுதும் காப்புறுதியும் 900, லாரியும் பாலக் கட்டணமும் 1,600. மொத்தம் 20,000. தொழிலாளர் சம்பளத்தை 1,900 ரிங்கிட்டாக வைத்தோம். 2025 பிப்ரவரியிலிருந்து குறைந்தபட்ச ஊதியம் 1,700. அந்தத் தொகைக்கு ஆள் வந்தாலும் நிற்பதில்லை. முதலாளி பங்காகச் செலுத்தும் 13 விழுக்காடு இபிஎப், சொக்சோ ஆகியவையும் இதில் அடங்கும்.

*மூன்றாம் வழி: கூடுதல் அளவை மட்டும் பிறையில் உள்ள ஆலையில் கூலிக்கு அரைப்பது.* கிலோவுக்குக் கூலி 1.80, போக்குவரத்து 0.40 போக 3.30 நிற்கும். ஒவ்வொரு அரவையின்போதும் உடன் இருக்க நம் ஆள் ஒருவருக்கு மாதம் 2,400. முதலீடு: லேபிள், சோதனை 12,000, சரக்கு, கடன் விற்பனைக்கு 55,000. மொத்தம் 67,000.

4. இன்றைய 11,100க்கு மேல் மாதந்தோறும் கிடைப்பது (ரிங்கிட்)

| | வழி 1 | வழி 2 | வழி 3 |
|---|---|---|---|
| முதலீடு | 68,000 | 302,400 | 67,000 |
| பேரங்காடி வராவிட்டால் (4 டன்) | +2,500 | –9,100 | +240 |
| பேரங்காடி வந்தால் (6 டன்) | அளவு போதாது | +1,900 | +6,840 |
| 8 டன் விற்றால் | அளவு போதாது | +12,900 | +13,440 |

இரண்டாம் வழியின் 6 டன் வரிசையை நிதானமாகப் பார்க்க வேண்டும். தனியாகப் பார்த்தால் 13,000 ரிங்கிட் லாபம். இரண்டே ஆண்டுகளில் போட்ட பணம் திரும்பிவிடும் என்று தோன்றும். ஆனால் 11,100 ஏற்கெனவே நம் கையில் இருக்கிறது. கூடுவது 1,900 மட்டுமே. அந்த வேகத்தில் 302,400 ரிங்கிட்டை மீட்கப் பதின்மூன்று ஆண்டுகள் ஆகும். அதற்குள் இயந்திரங்களே தேய்ந்துவிடும்.

கூலி அரவையைவிடச் சொந்த ஆலை மலிவாவது சுமார் 8.2 டன்னைத் தாண்டும்போதுதான். கூலி ஒரு ரிங்கிட் ஏறினால் அந்த எல்லை 6.7 டன்னுக்கு இறங்கும். எனவே இந்த ஆய்வில் மிக முக்கியமான ஒற்றை எண் பிறை ஆலையின் கூலிதான்.

5. ஆபத்துகள்

*கூட்டு ரகசியம்.* மூன்றாம் வழிக்கு எதிராக எழும் முதல் குரல் இது, நியாயமானதும்கூட. ஆனால் எடையில் பெரும்பகுதி மிளகாய், மல்லி, மஞ்சள். அவற்றை மட்டும் பிறையில் அரைத்துவிட்டு, பட்டை, கிராம்பு, சோம்பு, அன்னாசிப்பூ கலவையைக் கடையிலேயே அரைத்து மூட்டையாக அனுப்பினால் அளவு யாருக்கும் தெரியாது. ஒரு சிக்கல்: நம் பெயரில் வரும் தூளுக்கு ஹலால் சான்றிதழ் கேட்கும்போது இந்தக் கலவையும் மூலப்பொருளாகப் பரிசோதனைக்கு வரும். ஒப்பந்தத்துக்கு முன்பே கேட்டுத் தெளிவுபடுத்த வேண்டும்.

*பேரங்காடியின் பணம்.* 60 நாள் தவணை என்றால், மாதம் 2 டன்னுக்கு நம் செலவுப் பணம் மட்டும் 54,000 ரிங்கிட் வெளியில் நிற்கும். 55,000 ஒதுக்கியதற்கு இதுவே காரணம். 90 நாள் கேட்டால் மறுப்பதே நல்லது.

*மிளகாய் விலை.* நம் கூட்டில் எடைக்கு 40 விழுக்காடு மிளகாய். இந்தியாவில் விளைச்சல் குறைந்து கிலோவுக்கு 2 ரிங்கிட் ஏறினால், 6 டன்னில் மாதம் 4,800 ரிங்கிட் போய்விடும். இது எல்லா வழிகளையும் ஒரே அளவு தாக்கும்; ஆனால் பெருமுதலீட்டுக்கு வங்கிக் கடன் வாங்கினால், அந்தத் தவணை உள்ள வழிக்குத்தான் மூச்சு முட்டும்.

*தரம்.* வேகமாக அரைத்தால் சூடேறி மணம் பறக்கும். ஈரம் மிஞ்சினால் கட்டி தட்டும், பூஞ்சை வரும். உடன் நிற்கும் நம் ஆளுக்கு 2,400 கொடுப்பதில் கைவைக்க வேண்டாம்.

*உரிமங்கள்.* 1975ஆம் ஆண்டு தொழில் ஒருங்கிணைப்புச் சட்டத்தின்கீழ் உற்பத்தி உரிமம் நம் அளவுக்குத் தேவையில்லை. பங்குதாரர் நிதி 25 லட்சம் ரிங்கிட்டை எட்டினாலோ முழுநேரத் தொழிலாளர்கள் 75 பேரை எட்டினாலோதான் வேண்டும். இரண்டாம் வழிக்குச் செபராங் பிறை மாநகர் மன்ற உரிமம், சுகாதார அமைச்சின் மெஸ்தி சான்றிதழ், ஹலால் மூன்றும் தேவை. பிறை ஆலையில் மெஸ்தியும் ஹலாலும் ஏற்கெனவே உள்ளன.

6. பரிந்துரை

பேரங்காடியின் கடிதம் கைக்கு வரும்வரை பெருஞ்செலவு எதுவும் வேண்டாம். வந்தால் மூன்றாம் வழி. கூலியை இரண்டு ஆண்டுகளுக்கு மாற்றாமல் எழுதி வாங்க வேண்டும். வராவிட்டால் முதல் வழி. எது நடந்தாலும் முதல் வழியில் உள்ள தூசி உறிஞ்சியை (22,000 ரிங்கிட்) இப்போதே வாங்கலாம். அது பக்கத்துக் கடைக்காரருக்கு நாம் செய்ய வேண்டிய கடமை.

விற்பனை தொடர்ந்து ஆறு மாதம் 8.5 டன்னைத் தாண்டினாலோ, பிறை ஆலை கூலியை 2.80க்கு உயர்த்தினாலோ இரண்டாம் வழியைப் புதிய எண்களோடு மறுபடியும் எடுக்க வேண்டும்.

கூட்டத்தில் பங்குதாரர்கள் முடிவு செய்ய வேண்டியவை இரண்டு: தூசி உறிஞ்சிக்கான 22,000 ரிங்கிட் ஒப்புதல், பிறை ஆலையில் 200 கிலோ சோதனை அரவைக்கான அனுமதி. சோதனைத் தூளை மூத்த பங்குதாரரே சமைத்துப் பார்த்து ஒப்புக்கொண்ட பிறகே ஒப்பந்தம் பேசப்படும்.