வழக்கமா வாங்குறதுதான்

“மார்க்கெட்டுக்குப் போய் வழக்கமா வாங்குறதை வாங்கிட்டு வந்துடுடா.”

அம்மா பணத்தையும் பையையும் நீட்டிவிட்டு மறுபடி கணினி முன் உட்கார்ந்துவிட்டாள். என்னென்ன, எவ்வளவு என்று அவன் கேட்க வாயெடுத்தான். “வாரா வாரம் கூட வர்றியே, தெரியாதா?”

போவது உண்மைதான். ஆனால் எட்டாம் வகுப்புப் பையனுக்கு அங்கே என்ன வேலை? பை பிடிப்பது மட்டும். அம்மா பேரம் பேசும்போது அவன் வேடிக்கை பார்த்துக்கொண்டு நிற்பான்.

சரி, பையிலிருந்தே யோசிக்கலாம் என்று நடந்தான். முதலில் விழுவது உருளைக்கிழங்கு. அப்புறம் வெங்காயம், அது விழுந்ததும் கை மாற்றுவான். முட்டைகோஸ் முழங்காலில் இடிக்கும். தக்காளி எப்போதும் கடைசியில், எல்லாவற்றுக்கும் மேலே. அது ஏறியபின் “ஆட்டாம வாடா” என்பாள்.

“எவ்வளவு போடட்டும்?” என்றார் கடைக்காரர்.

“போடுங்க, சொல்றேன்.” பையைத் தூக்கிப் பார்த்தான். “இன்னும் கொஞ்சம்.” மறுபடி தூக்கினான். கைப்பிடி விரலை அறுக்கத் தொடங்கியதும், “போதும்” என்றான்.

“அப்போ நான் தராசு எதுக்குப்பா வெச்சிருக்கேன்?”

பக்கத்தில் நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் கண்டுகொள்ளவில்லை. தக்காளியை ஒவ்வொன்றாக எடுத்து, காம்புப் பக்கம் திருப்பிப் பார்த்து, கட்டை விரலால் லேசாக அழுத்தி, பிடிக்காததை ஓரமாகத் தள்ளினான். அதை யாரும் அவனுக்குச் சொல்லித் தந்ததில்லை. “அப்படியே உங்கம்மா” என்றார் கடைக்காரர். அவர் அதைப் பாராட்டாகச் சொல்லவில்லை.

வெளியே வரும் வழியில், கடைசியில் சாக்கு விரித்திருந்த எலுமிச்சைத் தாத்தா அவனை நிமிர்ந்து பார்த்தார். வீட்டுக் குளிர்பதனப் பெட்டியில் போன வாரத்து எலுமிச்சைகளே தோல் சுருங்கிக் கிடந்தன. எதற்கு வீண் செலவு? கடந்து போய்விட்டான்.

வீட்டில் அம்மா பையைக் கொட்டிப் பார்த்தாள். உருளையை எடுத்துக் கையில் எடை பார்த்தாள். தக்காளியில் ஒன்றைத் திருப்பிப் பார்த்துவிட்டு வைத்தாள். ஒன்றும் சொல்லவில்லை, அதுவே பெரிய விஷயம்.

“எலுமிச்சம்பழம்?”

“அதான் வீட்டுலயே நிறைய இருக்கேம்மா. காயுது.”

“தாத்தா இருந்தாரா?”

“இருந்தார். அம்மாவுக்கு உடம்பு சரியில்லையாப்பான்னு கேட்டார்.”

“நீ என்ன சொன்னே?”

“நல்லாத்தான் இருக்காங்கன்னு சொன்னேன்.”

அம்மா மீதிச் சில்லறையை எண்ணாமல் அப்படியே அவன் கையில் திணித்தாள்.

“இப்பவே போ. நாலு பழம். அவர் எடுத்துக் குடுக்கிறதை வாங்கிட்டு வா. அங்க நின்னு அமுக்கிப் பார்க்காதே.”