குறைவாக வந்த நல்லெண்ணெய்ப் பெட்டிகள், சேதமான பாக்கெட்டுகள்: மாற்றுச் சரக்கு அல்லது கிரெடிட் நோட் கோரி

கும்பகோணம்
9.10.2025

பெறுநர்:
விற்பனை மேலாளர் அவர்கள்,
எண்ணெய் ஆலை, விருதுநகர்.

பொருள்: 6.10.2025 தேதியிட்ட உங்கள் பில் எண் 1847, லாரி ரசீது எண் 60312

ஐயா,

வணக்கம். மேற்படி பில்லுக்கான சரக்கு 7ஆம் தேதி செவ்வாய்க்கிழமை மதியம் எங்கள் குடோனுக்கு வந்தது. பில்லிலும் லாரி ரசீதிலும் 85 பெட்டி என்று இருக்கிறது. இறக்கி எண்ணியதில் 81தான் இருந்தது. அரை லிட்டர் 25 பெட்டியும் சரியாக வந்துவிட்டது. ஒரு லிட்டரில்தான் 60க்கு 56. டிரைவரை வைத்துக்கொண்டே இரண்டாம் முறையும் எண்ணி, ரசீதின் பின்பக்கத்தில் குறைவை எழுதி அவரிடம் கையெழுத்து வாங்கியிருக்கிறோம்.

வந்த ஒரு லிட்டர் பெட்டிகளில் ஒன்றைத் தூக்கும்போதே லேசாக இருக்கிறது என்று இறக்கிய ஆள் சொன்னார். தராசில் வைத்துப் பார்த்தோம். மற்றவை ஒன்பதரைக் கிலோ காட்ட, இது எட்டுக் கிலோகூட வரவில்லை. பிரித்தால் உள்ளே 8 பாக்கெட். பெட்டியின் மேல் உங்கள் ஆலை டேப் ஒட்டியது ஒட்டியபடி இருந்தது, அட்டையும் எங்கும் கிழியவில்லை. ஆகவே இந்த இரண்டு பாக்கெட்டை லாரிக்காரர் தலையில் கட்ட எங்களுக்கு மனசு வரவில்லை. பேக்கிங்கில் விட்டுப்போனதாகத்தான் தெரிகிறது.

அடுத்தது சேதம். ஏழு பெட்டிகள் அடிப்பக்கம் எண்ணெய் ஊறி, நசுங்கி வந்தன. திருச்சியில் வண்டி மாற்றி ஏற்றினார்களாம். அங்கே இவற்றின் மேல் இரும்புச் சாமான் ஏற்றியதாக டிரைவரே சொன்னார். ஏழையும் பிரித்து 70 பாக்கெட்டையும் துடைத்துப் பார்த்ததில் 51 நன்றாக இருக்கிறது. அவற்றை நாங்களே வேறு பெட்டியில் போட்டு விற்றுக்கொள்கிறோம், அதற்குக் கழிவு எதுவும் கேட்கவில்லை. மீதி 19 வீண். இதில் 13 அழுத்தத்தில் கிழிந்தவை. மற்ற 6 பாக்கெட்டில் கிழிசலே இல்லை, ஆனால் கட்டைவிரலால் லேசாக அழுத்தினால் அடி சீல் வழியாக எண்ணெய் கசிகிறது. ஆறும் ஒரே பேட்ச். சீலிங் மெஷினில் சூடு குறைந்திருக்குமோ என்னவோ, அதை நீங்கள்தான் பார்க்க வேண்டும். அதே பேட்ச் வேறு கடைகளுக்கும் போயிருந்தால் அவர்களுக்கும் இதே தொல்லைதான்.

கணக்கு இதுதான்: வராத 4 பெட்டியில் 40, குறைந்த பெட்டியில் 2, சேதம் 19, ஆக 61 பாக்கெட். பாக்கெட் ரூ.310 வீதம் ரூ.18,910. ஜி.எஸ்.டி. 5 சதவீதம் ரூ.945.50. மொத்தம் ரூ.19,855.50.

எங்களுக்கு முதலில் வேண்டியது சரக்குதான். தீபாவளி 20ஆம் தேதி. எண்ணெய்க் குளியலுக்கு ஒரு லிட்டர் பாக்கெட்தான் ஓடும், சில்லறைக் கடைக்காரர்கள் இப்போதே கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். ஆகவே 15ஆம் தேதி புதன்கிழமைக்குள் 61 பாக்கெட்டும், கசிந்த அந்த பேட்ச் இல்லாமல், இங்கே வந்து சேருகிற மாதிரி அனுப்புங்கள். லாரி வாடகை உங்கள் பொறுப்பு. அதற்குள் முடியாது என்றால் அனுப்பவே வேண்டாம். பண்டிகை முடிந்தபின் வரும் சரக்கு குடோனில்தான் கிடக்கும். அப்போது ரூ.19,855.50க்கு கிரெடிட் நோட் போட்டுவிடுங்கள். அதை அக்டோபர் தேதியிலேயே போட்டு, அந்த மாத ஜி.எஸ்.டி.ஆர்-1இல் காட்டினால் நல்லது. வராத சரக்குக்கு நாங்கள் உள்ளீட்டு வரி எடுக்க முடியாது. கணக்கு இழுத்துக்கொண்டே போனால் இரண்டு பக்கமும் ஆடிட்டர் கேள்வி கேட்பார்.

மொத்த பில் ரூ.2,78,250. பேசியபடி 21 நாள் கெடு 27ஆம் தேதி முடிகிறது. அன்று பிரச்சினை இல்லாத ரூ.2,58,394.50ஐ வங்கியில் கட்டிவிடுவோம். மேலே சொன்ன தொகை மட்டும், மாற்றுச் சரக்கோ கிரெடிட் நோட்டோ வரும்வரை நிறுத்திவைக்கப்படும். பில் போட்டது பெய்டு டெலிவரி என்பதால், வராத பெட்டிகளுக்கும் நசுங்கியவற்றுக்கும் டிரான்ஸ்போர்ட்டில் கிளெய்ம் செய்ய வேண்டியதும் நீங்கள்தான். அதற்குத் தேவையான நகல் எதுவானாலும் தருகிறோம்.

சரக்கு வந்த அன்று மாலையே உங்கள் பகுதி விற்பனைப் பிரதிநிதிக்குப் போட்டோக்களை வாட்ஸ்அப்பில் அனுப்பினோம். "பார்த்துச் சொல்றேண்ணே" என்றவர் அப்புறம் போனை எடுக்கவில்லை. அதனால்தான் எழுத்தில் அனுப்புகிறோம். வீணான 19 பாக்கெட்டையும் ஒரு பிளாஸ்டிக் டிரேயில் தனியாக வைத்திருக்கிறோம். பார்க்க வேண்டுமென்றால் திங்கட்கிழமைக்குள் ஆள் அனுப்புங்கள். எண்ணெய் வடிந்துகொண்டே இருக்கிறது, எறும்பும் எலியும் வந்தால் பக்கத்தில் உள்ள அரிசி மூட்டை கெட்டுவிடும். அதன்பின் அப்புறப்படுத்திவிடுவோம்.

எந்த வழி என்பதைச் சனிக்கிழமை மாலைக்குள் சொல்லிவிடுங்கள். சரக்கு வராது என்றால் நாங்கள் வேறு இடத்தில் ஆர்டர் போட வேண்டும்.

இப்படிக்கு,
உரிமையாளர்,
மளிகை மொத்த வியாபாரம், கும்பகோணம்.

இணைப்பு: பில் நகல், டிரைவர் கையெழுத்திட்ட லாரி ரசீது நகல், எடை போட்ட பெட்டி மற்றும் சேதமான பாக்கெட்டுகளின் போட்டோக்கள், பேட்ச் எண் தெரியும் பாக்கெட் உறை ஒன்று.