எலக்ட்ரிக்கல் ரிப்பேர் கையேடு: டூல் பேரும் சேஃப்டி ஸ்டெப்பும் (புதுப் பசங்களுக்கு)

தம்பிங்களா, கடையில இருக்குற இங்கிலீஷ் மேனுவல்ல நம்ம வேலைக்குத் தேவையான பக்கத்த மட்டும் தமிழ்ல எழுதிருக்கேன். நம்ம வேலை ரெண்டு வகை, ஊருக்குள்ள வீட்டு வயரிங், சுத்துப்பட்டுல தோட்டத்து மோட்டார். டூல் பேர்லாம் கடையிலயும் சைட்லயும் நாம கூப்புடுற மாதிரியே போட்டிருக்கேன், ஏன்னா மேல ஏணியில நின்னுக்கிட்டு மேஸ்திரி கேக்கும்போது கீழ நிக்கிறவன் சரியானத எடுத்துக் குடுக்கணும்.

கையில புடிக்கிற டூல்

கட்டிங் பிளையர் தான் நாள் பூரா கையில இருக்கும். கைப்பிடியில 1000 வோல்ட்னு போட்டு ரெண்டு முக்கோணக் குறி இருக்கான்னு பாரு, அது இருந்தா தான் இன்சுலேஷன் டெஸ்ட் பண்ண பிளையர். சும்மா கலர் ரப்பர் மாட்டினது வழுக்காம இருக்க மட்டும் தான். உறை கீறி உள்ள இரும்பு தெரிஞ்சா டேப் சுத்தி ஓட்டாத, கடையில குடுத்துட்டு வேற வாங்கிக்கோ. நோஸ் பிளையர் சந்துல வயர் வளைக்க, அதால நட்டு திருகக் கூடாது. வயர் உரிக்க ஸ்ட்ரிப்பர் இருக்கு, பல்லால கடிக்கிற பழக்கம் வேண்டாம், பிளேடால சுத்தி அறுத்தாலும் உள்ள செம்பு இழை நாலஞ்சு வெட்டுப்பட்டு அந்த எடம் லோடு ஏறும்போது சூடாகும்.

லக்ஸ் அடிக்க கிரிம்பிங் டூல். பிளையரால நசுக்குன லக்ஸ் அன்னைக்கு நிக்கும், ஆறு மாசத்துல லூசாகி கருகிடும், மோட்டார் ஸ்டார்ட்டர் கருகுறதுல பாதி இந்த லூஸ் கனெக்‌ஷன் தான்னு நான் சொல்லுவேன். போக்கர், சுத்தியல், உளி, ஹாக்ஸா, ரசமட்டம் இதெல்லாம் உங்களுக்கே தெரியும். செவுத்துல காடி வெட்டும்போதும் ஹேமர் டிரில் போடும்போதும் கண்ணாடி மாட்டணும், அதுக்கு முன்னாடி சுவிட்ச் போர்டுக்கு நேர் மேலயும் நேர் கீழயும் பைப் போகும்னு நெனச்சு ஒதுங்கியே ஓட்டை போடணும்.

பாத்துச் சொல்ற டூல்

டெஸ்டர். பேனா மாதிரி சட்டைப் பையில சொருகிருப்போமே அதே தான். உள்ள ஒரு பெரிய ரெசிஸ்டரும் குட்டி நியான் பல்பும் இருக்கு, பின்பக்கத் தகட்டுல வெரல் வெச்சா ரொம்பக் கொஞ்சம் கரண்ட் உன் உடம்பு வழியா தரைக்குப் போயி நியான் எரியுது. இதுல மூணு வில்லங்கம் இருக்கு. ரப்பர் செருப்பு போட்டு காஞ்ச மர ஸ்டூல் மேல நின்னா கரண்ட் இருந்தும் மங்கலா எரியும், வெயில்ல எரியிறதே தெரியாது. ரெண்டாவது, பக்கத்து வயரோட இன்டக்‌ஷன்ல ஒண்ணுமில்லாத வயரும் லேசா எரியவைக்கும். மூணாவது, நியூட்ரல் அறுந்திருந்தா அத டெஸ்டர் நேராச் சொல்லாது, ரெண்டு ஓட்டையிலயும் எரிஞ்சு குழப்பும். அதனால டெஸ்டர் எரிஞ்சா கரண்ட் இருக்குன்னு வெச்சுக்கோ, எரியலன்னா கரண்ட் இல்லன்னு மட்டும் முடிவு பண்ணிடாத, மீட்டர் எடு.

மல்டிமீட்டர்ல வோல்ட் பாக்கும்போது கருப்பு லீடு காமன்ல, சிவப்பு லீடு வோல்ட் ஓட்டையில இருக்கணும். ஆம்ப்ஸ் ஓட்டையில சொருகிட்டு போய் 230 வோல்ட்டுல வெச்சா அது வயர வெச்சு ஷார்ட் பண்ணதுக்குச் சமம், உள்ள நல்ல ஃப்யூஸ் இல்லாத மலிவு மீட்டர் கையிலயே வெடிக்கும். ஓம்ஸ்ல வெச்சு கரண்ட் இருக்குற வயரத் தொடக் கூடாது. டிபி பாக்ஸுல வேலைன்னா கேட் த்ரீ, 600 வோல்ட்னு அச்சடிச்ச மீட்டரும் லீடும் தான்.

டாங் டெஸ்டர்ல எத்தன ஆம்ப்ஸ் இழுக்குதுன்னு பாக்க ஒரே ஒரு வயர தான் வாய்க்குள்ள விடணும், ஃபேஸும் நியூட்ரலும் சேத்து விட்டா ஒண்ண ஒண்ணு அடிச்சு சைபர் காட்டும். அப்புடி சைபர் காட்டாம ஏதாச்சும் காட்டுனா எங்கயோ எர்த்துக்கு லீக் ஆகுதுன்னு அர்த்தம், ட்ரிப் ஆகுற வீட்டுல இது நல்ல வழி.

சீரிஸ் லேம்ப்ல பழைய இழை பல்பு தான் வேணும், எல்இடி போட்டா ஒண்ணும் தெரியாது. பல்பு முழுசா எரிஞ்சா ஷார்ட்டு, மங்கலா எரிஞ்சா லோடு வழியா போகுது, எரியவே இல்லன்னா உள்ள எங்கயோ கட்டு. ஆனா அந்த ரெண்டு முனையிலயும் கரண்ட் இருக்கு, பல்பு நடுவுல இருக்குன்னு தொட்டுப் பாக்காத. மெகர் வீட்டு வயரிங்குக்கு 500 வோல்ட் டிசி விடும், ஒரு மெகா ஓம்ஸுக்குக் கீழ காட்டுனா இன்சுலேஷன் போச்சு. மெகர் போடுறதுக்கு முன்னாடி எல்இடி லைட்டு, ஃபேன் ரெகுலேட்டர் எல்லாத்தையும் கழட்டிடு, இல்லன்னா அத மாத்திக் குடுக்குற செலவு நம்ம தலையில.

கை வைக்கிறதுக்கு முன்னாடி

இந்தப் பகுதிய மட்டும் மனப்பாடம் பண்ணிடுங்க. மோதிரம், காப்பு, வாட்ச், கழுத்துச் செயின் எல்லாம் கழட்டி பையில போடு. வெள்ளி அரைஞாண் போட்டிருந்தா அது சட்டைக்கு வெளிய வராம உள்ள இருக்கணும், டிபி மேல சாஞ்சு வேலை பாக்குறப்ப அதான் மொதல்ல தொடும். ஈரக் கை, ஈரத் தரை, வெறுங்காலு மூணும் கூடாது. அலுமினிய ஏணிய வண்டியில ஏத்தவே ஏத்தாத, மர ஏணி இல்லன்னா ஃபைபர் ஏணி.

முதல்ல வீட்டுக்காரங்ககிட்ட ரெண்டு கேள்வி கேளு: "அக்கா, இன்வெர்ட்டர் இருக்கா? மாடியில சோலார் போட்டிருக்கீங்களா?" மெயின ஆஃப் பண்ணாலும் இன்வெர்ட்டர் லைன்ல கரண்ட் வந்துக்கிட்டே தான் இருக்கும், அது பேட்டரி கரண்ட் தானேன்னு நெனைக்காத, வெளிய வர்றது அதே 230 வோல்ட். இன்வெர்ட்டர அதோட பட்டன்லயே ஆஃப் பண்ணி, அவுட்புட் எம்சிபியையும் எறக்கணும். சோலார் தகடுல இருந்து வர்ற டிசி வயர் வெயில் இருக்குற வரைக்கும் செத்துப் போகாது, அந்தப் பக்கம் புதுசா வந்தவன் போகவே வேணாம்.

அப்புறம் டிபி பாக்ஸுல அந்த லைனோட எம்சிபிய எறக்கு. எதுக்கு எதுன்னு ஸ்டிக்கர் ஒட்டிருந்தாலும் நம்பாத, சந்தேகம் இருந்தா மெயினையே எறக்கு. எறக்குன எம்சிபிக்குப் பூட்டு கிளிப் மாட்டி சாவிய உன் பையில போடு, கிளிப் இல்லன்னா டேப் ஒட்டி "ஆள் வேலை செய்யறாங்க, போடாதீங்க"ன்னு எழுதி தொங்க விடு, கூட ஒரு ஆள நிக்க வை. ஏன்னா சீரியல் ஓடலன்னு பாட்டி வந்து தூக்கி விட்டுடுவாங்க, அவங்கள குத்தம் சொல்ல முடியாது. பழைய வீட்டுல ஃப்யூஸ் கேரியர் இருந்தா கழட்டி பையில போட்டுக்கோ.

இப்ப தான் முக்கியமானது. மீட்டர எடுத்து கரண்ட் இருக்குற வேற ஒரு பாயின்ட்ல வெச்சுப் பாரு, 230 பக்கம் காட்டுதா, மீட்டர் உயிரோட இருக்கு. மெயினையே எறக்கிட்டா சர்வீஸ் கட்டைக்கு மேல ஈபி மீட்டர் பக்கத்துல தான் கரண்ட் இருக்கும், அங்க மேஸ்திரி வந்து பாப்பார், நீ போகாத. அடுத்து வேலை செய்யப் போற எடத்துல ஃபேஸ் நியூட்ரல், ஃபேஸ் எர்த், நியூட்ரல் எர்த் மூணையும் பாரு, எல்லாம் சைபர் வரணும். திரும்பப் போயி அதே கரண்ட் இருக்குற பாயின்ட்ல இன்னொரு தடவ பாரு. கடைசி இந்த ஒரு தடவ எதுக்குன்னா, நடுவுல லீடு அறுந்திருந்தாலோ பேட்டரி போயிருந்தாலோ அந்த சைபர் பொய்யா வந்ததா இருக்கும்.

நியூட்ரல் எர்த் ஏன் பாக்கச் சொல்றேன்னா, பழைய வீட்டுல வயர்மேன் மாத்திக் குடுத்து சுவிட்ச் நியூட்ரல்ல உக்காந்திருக்கும், சுவிட்ச ஆஃப் பண்ணாலும் ஹோல்டர்ல கரண்ட் நிக்கும். இன்னொண்ணு, ஒத்த போல் எம்சிபி ஃபேஸ மட்டும் தான் வெட்டும், பக்கத்து ரூம் லைனோட நியூட்ரல் இதுல சேந்து வந்தா நீ பிரிக்கிற நேரத்துல அந்த நியூட்ரல் அடிக்கும். சிவப்பு மஞ்சள் நீலம் ஃபேஸ், கருப்பு நியூட்ரல், பச்சை எர்த்துங்கறது நாம போடுற வயரிங்ல தான், அடுத்தவன் போட்டதுல கலர நம்பி கை வைக்காத.

சீலிங் ஃபேன்

சுத்தல, மெதுவா சுத்துது, கையால தள்ளுனா சுத்துதுன்னா மொதல்ல கெப்பாசிட்டர், பெரும்பாலும் 2.5 மைக்ரோ ஃபாரட். கழட்டும்போது முனையத் தொடாத. எறக்குறது ரெண்டு ஆள் வேலை, ஒருத்தன் தாங்கணும் ஒருத்தன் கழட்டணும். மாட்டும்போது ஷாக்கிள் போல்ட்டுல ஸ்பிளிட் பின் போட்டு ரெண்டு காலயும் விரிச்சு விட்டுட்டு தான் கீழ எறங்கணும், பின் வாங்க கடைக்குப் போகணும்னா போயிட்டு வா, ஆணி போட்டு சமாளிக்காத.

தோட்டத்து மோட்டார்

இங்க வீட்ட விட ஜாஸ்தி கவனம். ரெண்டு ஃபேஸுக்கு நடுவுல 415 வோல்ட், அதனால சாதா பல்பு ஒண்ண வெச்சு ரெண்டு ஃபேஸுக்குள்ள டெஸ்ட் பண்ணா வெடிக்கும், ரெண்டு பல்ப சீரிஸ்ல கட்டிக்கோ. த்ரீ ஃபேஸ் இல்லாத நேரத்துல தான் நம்மளக் கூப்புடுவாங்க, கரண்ட் இல்லைல்லன்னு பாதிப் பேரு மெயின் கூட எறக்காம ஸ்டார்ட்டரத் தொறப்பாங்க. ஆட்டோ மாட்டிருந்தா த்ரீ ஃபேஸ் வந்த உடனே மோட்டார் தானா எடுக்கும், உன் கை உள்ள இருக்கா வெளிய இருக்கான்னு அதுக்குத் தெரியாது. அதனால மெயின் எறக்கி, மூணு ஃப்யூஸ் கேரியரையும் புடுங்கி பையில போட்டு, ஆட்டோவையும் ஆஃப் பண்ணிட்டு, மேல சொன்ன மாதிரி மீட்டர் வெச்சு ஆர் ஒய், ஒய் பி, பி ஆர், அப்புறம் ஒவ்வொண்ணும் எர்த்துக்கு எல்லாம் பாத்துட்டு தான் தொடணும்.

ரெண்டு ஃபேஸ்ல ஓட்ட கெப்பாசிட்டர் மாட்டிருப்பாங்க, அது மெயின் எறக்குனப்புறமும் கரண்ட தேக்கி வெச்சிருக்கும். ஸ்க்ரூ டிரைவர வெச்சு படார்னு ஷார்ட் பண்ணாத, முனை உருகித் தெறிக்கும். ரெண்டு இழை பல்ப சீரிஸ்ல கட்டுன லீட முனையில வெச்சுப் புடி, பளிச்சுன்னு ஒரு தடவ எரிஞ்சு அணையும், அப்புறம் மீட்டர டிசி வோல்ட்ல வெச்சு சைபர் பாத்துக்கோ.

கம்பத்துல இருந்து வர்ற சர்வீஸ் வயர், அறுந்து கிடக்குற லைன் இதெல்லாம் ஈபி வேலை, நம்ம வேலை கிடையாது. மின்னகம் நம்பர் 94987 94987, அங்க சொல்லிட்டு ஆளுங்கள தூரமா நிறுத்து.

முடிச்சப்புறம்

டூல எண்ணி பையில வை, டிபிக்குள்ள ஸ்க்ரூ டிரைவர் மறந்து கிடக்கக் கூடாது. கூட இருக்குற எல்லாரையும் கூப்புட்டு "கரண்ட் போடப் போறேன்"னு சத்தமா சொல்லு, பூட்டு யாரு போட்டானோ அவன் தான் எடுக்கணும். போட்டதும் ஆர்சிசிபி டெஸ்ட் பட்டன ஒரு அமுக்கு, விழுந்தா சரி, விழலன்னா வீட்டுக்காரங்ககிட்ட சொல்லி மாத்தாம கெளம்பாத. பொதுவா வீட்டுக்குப் போடுறது 30 மில்லி ஆம்ப்ஸ்.

யாருக்காச்சும் ஷாக் அடிச்சா

ஓடிப்போய் அவன இழுக்காத, நீயும் ஒட்டிக்குவ. மெயின எறக்கு. மெயின் தூரமா இருந்தா காஞ்ச மரக்கட்டை, பிவிசி பைப்பால வயரத் தள்ளு, இது வீட்டு லைனுக்கு மட்டும் தான், கம்பத்து லைன்கிட்ட கிட்ட போகவே கூடாது. 108க்கு அடி. மூச்சு இல்லன்னா நெஞ்சு நடுவுல ரெண்டு கையயும் வெச்சு ஒரு நிமிஷத்துக்கு 100ல இருந்து 120 தடவ, அஞ்சு சென்டிமீட்டர் எறங்குற மாதிரி அமுக்கு, ஆம்புலன்ஸ் வர்ற வரைக்கும் நிறுத்தாத, கை வலிச்சா ஆள் மாத்து. தண்ணி குடுக்காத. எந்திரிச்சு ஒக்காந்து "ஒண்ணுமில்லண்ணே"ன்னு சிரிச்சாலும் அன்னைக்கே ஆஸ்பத்திரி கூட்டிட்டுப் போயி ஈசிஜி எடுக்கணும், வெளிய சின்னப் புண்ணு இருந்தாலும் உள்ள வெந்திருக்கும். அந்த நாளு கூலி கட் ஆகாது, அத நான் பாத்துக்குறேன்.