மருந்தாளுநர் பணிக்கு விண்ணப்பம்

மதிப்பிற்குரிய மருந்தகப் பொறுப்பாளர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் மருத்துவமனையில் காலியாக உள்ள மருந்தாளுநர் பணிக்கு விண்ணப்பிக்கிறேன். பி.பார்ம் முடித்து, பதிவு பெற்ற மருந்தாளுநராக 7 ஆண்டுகள் வேலை பார்த்திருக்கிறேன். உரிமத்தை இந்த ஆண்டுதான் புதுப்பித்தேன், நகல் இணைத்துள்ளேன்.

மருந்து எடுத்துக் கொடுப்பதில் நான் அவசரப்படுவதில்லை. வரிசை எவ்வளவு நீளமாக இருந்தாலும் நோயாளியின் பெயர், மருந்தின் பெயர், அதன் வீரியம், எத்தனை வேளை, காலாவதி தேதி எல்லாவற்றையும் சீட்டோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகுதான் கையில் கொடுப்பேன். ஒருமுறை மூட்டுவாத நோயாளி ஒருவருக்கு மெத்தோட்ரெக்ஸேட் தினமும் ஒன்று என்று எழுதியிருந்தது. அந்த நோய்க்கு அது வாரம் ஒருமுறை மட்டுமே தரும் மருந்து, தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. உடனே மருத்துவரை அழைத்துக் கேட்டேன், அவர் சீட்டைத் திருத்திக் கொடுத்தார்.

அப்புறம், நோயாளிகளிடம் பேசுவது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. இன்ஹேலர் வாங்குபவரை என் முன்னாலேயே ஒருமுறை இழுத்துக் காட்டச் சொல்வேன். ஸ்டீராய்டு இன்ஹேலர் என்றால் வாய் கொப்பளிக்கவும் சொல்லி அனுப்புவேன். "புரிந்ததா?" என்று கேட்டால் எல்லோரும் தலையாட்டிவிடுவார்கள், அதனால் சொன்னதை அவர்களையே திருப்பிச் சொல்லச் சொல்கிறேன்.

இரவுப் பணிக்கும் தயார். நேர்காணலுக்கு எந்த நாளில் அழைத்தாலும் வருகிறேன்.

இப்படிக்கு,
கவிதா