கயல்விழி – இளங்கோ நிச்சயதார்த்த வாழ்த்து

அன்புள்ள கயலுக்கும் மாப்பிள்ளை இளங்கோவுக்கும்,

உங்கள் இருவருக்கும் என்னுடைய, உங்கள் மாமாவுடைய மனம் நிறைந்த வாழ்த்துகள். நேற்று மஞ்சக்குப்பத்திலிருந்து வீடு திரும்பி வெகுநேரம் எங்களுக்குத் தூக்கம் வரவில்லை. அத்தனை மகிழ்ச்சி!

லக்னப் பத்திரிகையில் உன் அப்பாவின் பெயரை வாசித்தபோது, கயல், உன் அம்மா தலையைக் குனிந்துகொண்டார். தட்டு மாற்றுவதற்குச் சித்தப்பாவும் சித்தியும் எழுந்தார்கள். அப்போது இளங்கோவின் அப்பா, "பெண்ணை வளர்த்து ஆளாக்கியவர் சம்பந்தியம்மா. அவர் கையால் தாம்பூலம் வாங்கினால்தான் எங்களுக்கு நிறைவு" என்றார். உன் சித்தப்பா ஒரு நொடிகூடத் தயங்கவில்லை. "வாங்க அண்ணி" என்று தாமே விலகி இடம் விட்டார். இளங்கோவின் அம்மா எழுந்து வந்து உன் அம்மாவின் கையைப் பிடித்து மணையில் உட்கார வைத்தார். கேட்டவர் மனமும் பெரிது, விட்டுக்கொடுத்தவர் மனமும் பெரிது. இப்படிப்பட்ட பெரியவர்கள் இரண்டு பக்கமும் அமைவது கொடுப்பினை.

உன் அம்மா புதுச்சேரிக்கு வேலைக்குப் போய்வந்த பன்னிரண்டு ஆண்டுகளும் என் கண்முன் நிற்கின்றன. விடிந்ததும் பஸ் பிடிப்பார். விளக்கு வைத்த பிறகுதான் திரும்புவார். நீ எங்கள் திண்ணையில் வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டே தெருமுனையைப் பார்த்திருப்பாய். அதே பெண்ணையாற்றுப் பாலத்தைத் தாண்டி, இனி அவர் சீர்த்தட்டோடு முத்தியால்பேட்டைக்குச் சம்பந்தி வீட்டு விருந்தாளியாகப் போகப்போகிறார். நினைக்கவே நெஞ்சு குளிர்கிறது.

மாப்பிள்ளை, பந்தியில் ஆயா மெதுவாகத்தான் சாப்பிடுவார். அவர் கை அலம்ப எழும்வரை நீங்கள் இலையை மூடாமல் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தீர்கள். யாரும் சொல்லிச் செய்ததில்லை அது. எங்கள் பெண்ணை நல்ல கையில்தான் கொடுக்கிறோம் என்று அப்போதே மாமாவிடம் சொன்னேன். கயலும் உங்கள் வீட்டுப் பெரியவர்களைத் தன் பெரியவர்களாகப் பார்த்துக்கொள்வாள். அவள் வளர்ந்த விதம் எனக்குத் தெரியும்.

இன்று காலை திருப்பாதிரிப்புலியூர் கோயிலுக்குப் போய், பாடலீஸ்வரர் சன்னதியிலும் பெரியநாயகி அம்மன் சன்னதியிலும் இரண்டு குடும்பத்தின் பெயரையும் சொல்லி அர்ச்சனை செய்தோம். பிரசாதத்தை உன் அம்மாவிடம் கொடுத்திருக்கிறேன். முத்தியால்பேட்டைக்கும் ஒரு பங்கு எடுத்து வைக்கச் சொன்னேன்.

இதை இரண்டு வீட்டுப் பெரியவர்களுக்கும் வாசித்துக் காட்டுங்கள். அவர்களுக்கு எங்கள் வணக்கம். தை மாத முகூர்த்தத்துக்கு வாசல் கோலம் என் பொறுப்பு, கயல். வேறு யாருக்கும் அதைக் கொடுத்துவிடாதே.

அன்புடன்,
எதிர்வீட்டு மல்லிகா அத்தை